12 வோல்ற் பற்றரி, 50 வோல்ற் ரேஞ்ச்: முள் எங்கே நின்றால் நம்பலாம்?

சாம்பல்தீவுக் கரை

வணக்கம். எங்களிடம் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய ஒரு பைபர் படகு இருக்கிறது. விளக்குக்கும் ஆழம் பார்க்கும் கருவிக்கும் ஒரு 12 வோல்ற் பற்றரி. கடலுக்குப் போகும் முன் மாலையில் அதை முள் மீற்றரால் அளப்பது வழக்கம். மீற்றரில் 2.5, 10, 50, 250, 1000 என்று நேர்மின்னோட்ட ரேஞ்சுகள் இருக்கின்றன. 10 போதாது என்பதால் 50இல் வைக்கிறோம். அளவுகோலின் கீழே வளைவாக ஒரு கண்ணாடிப் பட்டையும் இருக்கிறது.

பிரச்சினை இதுதான். அண்ணா பார்த்தால் 12 என்கிறார். அதே நேரத்தில் நான் பார்த்தால் 12.5 என்று தெரிகிறது. 12 என்றால் மின்னேற்றிவிட்டுத்தான் போக வேண்டும், 12.5 என்றால் போகலாம். யார் சொல்வது சரி? மீற்றர் பழுதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதூர் வயர்மன்

மீற்றர் பழுதில்லை தம்பி, ரேஞ்ச்தான் பிழை. முள் எப்போதும் அளவுகோலின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். அதுதான் விதி. வோல்ற் ஆனாலும் ஓம் ஆனாலும் இதுவே. நடுவில் நிற்கும் ரேஞ்சைத் தேடி வையுங்கள். 50இல் 12 என்பது கால்வாசிதானே, அங்கே எப்படிச் சரியாகத் தெரியும்?

சாம்பல்தீவுக் கரை

அண்ணா, 10க்கும் 50க்கும் இடையில் வேறு ரேஞ்ச் இல்லையே. நடுவில் நிற்க வைக்க எதற்குத் திருப்புவது?

நிலாவெளி விடுதி

எங்கள் விடுதியிலும் இப்படியான மீற்றர் ஒன்று இருக்கிறது. அந்தக் கண்ணாடி, வெளிச்சம் குறைந்த இடத்தில் முள் தெரிவதற்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். வேறு பயன் உண்டா?

என்னுடைய கேள்வி வேறு. சுவர்ச் செருகியில் அளந்தால் 200 என்றுதான் காட்டுகிறது. மின்சாரம் குறைவாக வருகிறது என்று முறைப்பாடு செய்யலாமா? பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 1000 ரேஞ்சில் வைத்துத்தான் அளந்தேன்.

பழைய பட்டறை

மூன்று கேள்விகள் கலந்துவிட்டன. முதலில் படகுக்கு வருகிறேன்.

தம்பி, நீங்கள் இருவரும் மீற்றரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துதான் பார்த்திருப்பீர்கள். முள் அளவுகோலோடு ஒட்டியிருப்பதில்லை, சுமார் இரண்டு மில்லிமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. இடப்பக்கம் இருந்து பார்ப்பவரின் பார்வை முள்ளைத் தாண்டி வலப்பக்கக் கோட்டில் விழும், ஆகவே கூடுதலாகப் படிப்பார். வலப்பக்கம் இருப்பவர் குறைவாகப் படிப்பார். கண் பத்துப் பாகை சாய்ந்தாலே முள் அளவுகோலில் 0.35 மில்லிமீற்றர் தள்ளித் தெரியும். உங்கள் அளவுகோலில் ஒரு சிறு பிரிவு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் என்று வைத்தால் அது கால் பிரிவு. 50 ரேஞ்சில் ஒரு சிறு பிரிவு ஒரு வோல்ற். அப்படியென்றால் அண்ணாவுக்குக் கால் வோல்ற் குறையும், உங்களுக்குக் கால் வோல்ற் கூடும். நீங்கள் சொன்ன அரை வோல்ற் வந்துவிட்டது அல்லவா?

அந்தப் பட்டை இதற்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கண்ணை மூடுங்கள். மற்றக் கண்ணால் முள்ளையும் பட்டையில் தெரியும் அதன் பிம்பத்தையும் பாருங்கள். தலையை இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள். பிம்பம் முள்ளின் பின்னால் முழுதாக மறையும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, அளவுகோலில் எண்ணைப் படியுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் ஒரு கண்ணுக்கு மறைந்த பிம்பம் மறுகண்ணுக்கு வெளியே நிற்கும், ஆகவே முடிவுக்கு வரமுடியாது. முள்ளின் நீளத் திசையில் தலை மேலே கீழே போவது பாதிக்காது. பக்கவாட்டுச் சாய்வுதான் பிழை தருவது.

பட்டை வைத்த மீற்றரில் முள்ளின் நுனியையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கத்தியை விளிம்பில் நிறுத்தியதுபோல் மெல்லியதாகத் திருப்பி வைத்திருப்பார்கள். நேராகப் பார்த்தால் மயிரளவு கோடு, சாய்ந்து பார்த்தால் தடித்த பட்டை. முள்ளே தடித்துத் தெரிகிறது என்றால் பிம்பத்தைத் தேடும் முன்பே உங்கள் கண் விலகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இருவரும் கண்ணாடி பார்த்துப் படித்தால் ஒரே எண் வரும். ஆனால் அந்த ஒரே எண்ணும் உண்மையான எண்ணாக இருக்கவேண்டும் என்பதில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நிலாவெளி அம்மா: உங்களுடையது ரேஞ்ச் பிரச்சினை. மீற்றரின் முகப்பில் ஓர் ஓரமாக, ஆடலோட்டத்துக்கு 3 அல்லது அதைப்போல ஒரு சிறிய எண் அச்சிட்டிருக்கும். அந்தச் சதவீதப் பிழை முள் காட்டும் எண்ணிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, ரேஞ்சின் முழு அளவிலிருந்து கணக்கிடப்படுவது. 3 என்றால் 1000 ரேஞ்சில் முள் எங்கே நின்றாலும் 30 வோல்ற் கூடவோ குறையவோ இருக்கலாம். நீங்கள் கண்ட 200, உண்மையில் 230 ஆகவே இருந்திருக்கக் கூடும். 250 ரேஞ்சில் அதே 3 சதவீதம் ஏழரை வோல்ற்தான். எங்கள் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், ஆறு சதவீதம் கூடக் குறைய அனுமதி உண்டு. அதாவது ஏறத்தாழ 216இலிருந்து 244 வரை. இது 250 ரேஞ்சுக்குள் அடங்கும். முதலில் 1000இல் வைத்துப் பார்த்தது சரியான பழக்கம். 250ஐத் தாண்டவில்லை என்று உறுதியானதும் முனைகளை வெளியே எடுத்து, 250க்குத் திருப்பி மீண்டும் அளந்திருக்க வேண்டும். முனைகள் செருகியில் இருக்கும்போது குமிழைத் திருப்ப வேண்டாம். மும்முனை இணைப்பில் இரண்டு உயிர்க் கம்பிகளுக்கு இடையே அளப்பதென்றால் அது 400 வோல்ற், அங்கே 1000 ரேஞ்ச்தான்.

நிலாவெளி விடுதி

250இல் அளந்தேன். கண்ணாடியில் முள்ளை மறைத்துப் பார்த்தால் 226. நன்றி ஐயா. முறைப்பாட்டுக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

மூதூர் வயர்மன்

226 என்றால் அது அளவுகோலின் வலது ஓரம். நான் படித்தபோது நடுப்பகுதி என்றுதான் சொல்லித் தந்தார்கள். ஓரத்தில் படிக்கக் கூடாது என்பார்கள். ஐயா இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய பட்டறை

உங்களுக்குச் சொல்லித் தந்தது ஓம் அளப்பதற்கு உரியது. அங்கே முழுக்கச் சரி. வோல்ற்றுக்கும் அம்பியருக்கும் கொண்டுவந்தால் பாதிதான் சரி.

வோல்ற்றில் அளவுகோல் சீரானது, பிழை முழு அளவில் கணக்கிடப்படுகிறது. 2.5 என்று போட்ட மீற்றரை எடுங்கள். முள் கடைசிவரை போனால் பிழை இரண்டரை சதவீதம். நடுவில் நின்றால் அதே பிழை, படித்த எண்ணில் ஐந்து சதவீதம். கால்வாசியில் நின்றால் பத்து. ஆகவே வோல்ற்றில் நடு என்பது தாண்ட வேண்டிய எல்லை, போய் நிற்க வேண்டிய இடமல்ல. முள் முட்டாத வரை வலப்பக்கம் போகப்போக நல்லது.

ஓமில் கதை வேறு. பூச்சியம் வலப்பக்கம், முடிவிலி இடப்பக்கம், கோடுகள் இடப்பக்கம் போகப்போக நெருக்கமாகின்றன. முள் நிற்கும் இடத்தில் வளைவின் மூன்று சதவீதம் பிழை என்றால், நடுவில் அது ஓம் மதிப்பில் சுமார் 12 சதவீதம். பத்தில் ஒரு பங்கு மட்டும் முள் எழும்பியிருந்தால் 33 சதவீதம். வலது ஓரத்தில் பத்தில் ஒரு பங்கு மீதி இருக்கும்போதும் அதே 33தான். இரண்டு பக்கமும் கெடுகிறது, ஆகவே அங்கே நடுதான் வேண்டும்.

மூதூர் வயர்மன்

இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் 12 சதவீதம் மிகவும் அதிகம் ஐயா. விசிறியின் சுருளில் இரண்டு முனைகளுக்கு இடையே அளந்து மற்றையதோடு ஒப்பிடுவேன். இதுவரை பிழைத்ததில்லை.

பழைய பட்டறை

ஒப்பிடுவதால்தான் பிழைப்பதில்லை. ஒரே மீற்றர், ஒரே ரேஞ்ச், முள் ஏறத்தாழ ஒரே இடம் என்றால் மீற்றரின் பிழை இரண்டு அளவிலும் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசத்தைப் பார்க்கும்போது அது பெரும்பாலும் கழிந்துவிடும். எண்ணுக்குத்தான் 12 சதவீதம், ஒப்பீட்டுக்கு அவ்வளவு வராது.

உவர்மலை மாணவி

நான் தொழினுட்பக் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் மீற்றரில் ஓமுக்குப் பெருக்கல் 1, 10, 1000 என்றுதான் இருக்கிறது, 100 இல்லை. நடுவில் அச்சிட்ட எண் 20. இரண்டு கிலோ ஓம் தடையியை அளக்கச் சொன்னார்கள். 10இல் வைத்தால் முள் இடப்பக்க ஓரத்தில், 1000இல் வைத்தால் வலப்பக்க ஓரத்தில். எதைத் தெரிவது? பரீட்சையில் ஒரு விடைதானே எழுதவேண்டும்.

கிண்ணியா வானொலி

இதற்கு என் பதில்: 10இல் வையுங்கள். 1000இல் பூச்சியத்தைக் கொஞ்சம் சரியாகத் திருகாவிட்டாலும் வலது ஓரத்தில் அந்தப் பிழை முழுதாகத் தாக்கும். இடது ஓரத்தில் அது குறைவு. வானொலி திருத்துவதில் நான் இப்படித்தான் செய்கிறேன்.

பழைய பட்டறை

கணக்குப்படி இரண்டும் சமம்தான். 10இல் நடு 200 ஓம், 1000இல் நடு 20 கிலோ ஓம். இரண்டு கிலோ ஓம் இரண்டுக்கும் பத்து மடங்கு தூரத்தில் சரியாக மாட்டிக்கொண்டிருக்கிறது. கிண்ணியாக்காரர் சொன்ன பூச்சியப் பிழை உண்மைதான். ஆனால் இடது ஓரத்தில் கோடுகளின் நெருக்கத்தில் கண் தடுமாறுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூச்சியத்தை ஒழுங்காகத் திருகியவர் 1000இல் படிப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

மகளே, பரீட்சைக்கு உங்கள் ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். வேலைக்கு என்றால் வேறு வழி உண்டு. ஒரு சதவீதத் துல்லியம் உள்ள தடையிகளை வரிசையாக அதே ரேஞ்சில் வைத்துப் பார்த்து, எது முள்ளை அதே இடத்துக்குக் கொண்டுவருகிறது என்று கண்டுபிடியுங்கள். அப்போது மீற்றரின் அளவுகோலை நம்பவே தேவையில்லை.

கிண்ணியா வானொலி

நான் இன்னும் 10ஐத்தான் சொல்வேன். ஆனால் மாற்றி வைத்துப் பார்க்கும் முறை நல்லது.

சாம்பல்தீவுக் கரை

ஐயா, கண்ணாடி பார்த்துப் படித்தோம். அண்ணாவுக்கும் எனக்கும் இப்போது ஒரே எண், 12.3. ஆனால் அந்த எண்ணும் உண்மையாக இருக்கவேண்டியதில்லை என்றீர்களே, அதை விளக்குங்கள்.

பழைய பட்டறை

உங்கள் மீற்றரின் முகப்பில் நேரோட்டத்துக்கு 2.5 என்று இருந்தால், 50 ரேஞ்சில் ஒன்றேகால் வோல்ற் கூடவோ குறையவோ இருக்கலாம். 12.3 என்று காட்டியது 11 சொச்சத்திலிருந்து 13.5 வரை எதுவாகவும் இருக்க முடியும். மின்னேறி ஓய்ந்து நிற்கும் ஈய அமிலப் பற்றரி 12.7 அளவில் இருக்கும், பாதி இறங்கினால் 12.2 அளவில், வெறுமையானால் 11.9க்குக் கிட்ட. நிறைந்ததற்கும் வெறுமையானதற்கும் உள்ள தூரம் உங்கள் அளவுகோலில் ஒரு பிரிவுகூட இல்லை. கண்ணாடிப் பட்டை உங்கள் கண்ணின் பிழையை நீக்கும். ரேஞ்சின் பிழையை நீக்காது.

இந்த மீற்றரால் நம்பிச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பற்றரியில் முனைகளைக் கவ்வ வைத்துவிட்டு விளக்கைப் போடுங்கள். எண்ணைப் பார்க்க வேண்டாம், முள்ளின் நடையைப் பாருங்கள். நல்ல பற்றரியில் முள் சற்றே இறங்கி அங்கேயே நிற்கும். மோசமானதில் இறங்கி, ஊர்ந்து ஊர்ந்து மேலும் இறங்கிக்கொண்டே போகும். கவ்விகள் உப்புப் பூத்திருந்தால் முதலில் சுரண்டித் துடையுங்கள், இல்லாவிட்டால் கவ்வியில் விழும் வோல்ற்றைப் பற்றரியின் தலையில் போட்டுவிடுவோம்.

கிண்ணியா வானொலி

இந்த இடத்தில் என்னிடம் ஒரு கைவேலை இருக்கிறது. 10க்கும் 50க்கும் நடுவில் ரேஞ்ச் இல்லை என்றால் நாமே ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

முகப்பில் ஒரு வோல்ற்றுக்கு 20 கிலோ ஓம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் 10 வோல்ற் ரேஞ்சில் மீற்றரின் உள்தடை 200 கிலோ ஓம். சிவப்பு முனையோடு தொடராக 100 கிலோ ஓம் தடையி ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 300 கிலோ ஓம் ஆகும், முழு அளவு 15 வோல்ற் ஆகிவிடும். 0இலிருந்து 10 வரையான அளவுகோலில் படித்து ஒன்றரையால் பெருக்க வேண்டியதுதான். நிறைந்த பற்றரிக்கு முள் 8.5க்கு மயிரிழை கீழே நிற்கும், வெறுமையானதற்கு 7.9 அளவில். சிறு பிரிவு ஒன்று 0.3 வோல்ற், ஆகவே முன்பு ஒரு பிரிவுகூட இல்லாத தூரம் இப்போது ஏறத்தாழ மூன்று பிரிவாகிவிடும். மின்னேற்றும்போது வரும் 14.4 வோல்ற்றுக்கும் முள் முட்டாது, 9.6இல் நிற்கும்.

ஒரு சதவீத உலோகப் படலத் தடையி வாங்குங்கள். பழைய வானொலியிலிருந்து கழற்றிய கரித் தடையியைப் போடவேண்டாம், அது தன் நிறப் பட்டை சொல்லும் மதிப்பில் இருக்கும் என்று உறுதியில்லை. மலிவு மீற்றர்களில் வோல்ற்றுக்கு 2 கிலோ ஓம்தான் இருக்கும். அதற்கு 100க்குப் பதில் 10 கிலோ ஓம்.

பழைய பட்டறை

அருமையான வழி. ஒன்றைச் சேர்க்கிறேன். 15இன் இரண்டரை சதவீதம் இன்னும் 0.4 வோல்ற் அளவில் இருக்கிறது, அது மட்டும் போதாது. நம்பிக்கையான டிஜிட்டல் மீற்றர் வைத்திருப்பவரிடம் ஒருமுறை போய், அதே பற்றரியை இரண்டாலும் ஒரே நேரத்தில் அளந்து, வித்தியாசத்தை எழுதி மீற்றரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். முள் அதே இடத்தைச் சுற்றியே நிற்பதால் அந்தத் திருத்தம் பெரும்பாலும் பிடிக்கும். மின்னேற்றியைக் கழற்றிய உடனே அளக்கவும் வேண்டாம், சில மணி நேரம் ஓய்ந்த பிறகு அளங்கள்.

மூதூர் வயர்மன்

டிஜிட்டல் மீற்றர் வைத்திருப்பவரிடம் போவதற்குப் பதிலாக டிஜிட்டல் மீற்றரையே வாங்கலாமே?

பழைய பட்டறை

ஓய்ந்து நிற்கும் வோல்ற்றைப் படிக்க மட்டும் என்றால் வாங்கலாம், நான் தடுக்கமாட்டேன். விளக்கைப் போட்டபின் முள் ஊர்வதைப் பார்க்க இதுதான் எனக்கு வசதி.

சாம்பல்தீவுக் கரை

தடையி வைத்துப் பார்த்தேன். முகப்பில் 20 கிலோ ஓம் என்றுதான் இருக்கிறது. டவுனில் மின்பொருள் திருத்தும் ஒருவரின் டிஜிட்டல் மீற்றர் 12.48 காட்டியபோது என் முள் 8.2இல், அதாவது 12.3. 0.18 கூட்ட வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டேன். விளக்கைப் போட்டால் முள் அரைப் பிரிவுக்கும் குறைவாக இறங்கி நிற்கிறது, ஊரவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று கவனித்தேன். மேலே சொன்னதெல்லாம் மீற்றர் மேசையில் படுத்திருக்கும்போது அளந்தது. மீற்றரைப் படகின் பக்கப் பலகையில் நிமிர்த்திச் சாய்த்தால் முள் அரைப் பிரிவு குறைவாகக் காட்டுகிறது. முனைகளைக் கழற்றினால் இரண்டு நிலையிலும் பூச்சியத்தில்தான் நிற்கிறது. கண்ணாடி பார்த்தே படித்தேன்.

கிண்ணியா வானொலி

மேல்மூடியைத் துணியால் துடைத்தீர்களா? கச்சான் காற்றுக் காலத்தில் உலர்ந்த துணியால் பிளாஸ்ரிக் மூடியைத் தேய்த்தால் நிலைமின் ஏறி முள்ளை இழுக்கும். ஈரக் கையால் தடவிப் பாருங்கள்.

சாம்பல்தீவுக் கரை

தடவினேன், மாறவில்லை. நகத்தால் மெல்லத் தட்டினாலும் முள் அதே இடத்திலேயே நிற்கிறது.

பழைய பட்டறை

தட்டியும் அசையவில்லை என்றால் தாங்கியில் உராய்வு இல்லை. முள்ளின் வாலில் உள்ள எதிர்ப்பாரம் சமநிலை தவறியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். பூச்சியத்தில் தெரியாமல் மேலே போகும்போது மட்டும் தெரியும் வகையும் உண்டு. முகப்பில் மீற்றரைப் படுக்க வைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பதற்கு ஒரு சிறு குறி இருக்கும், எது என்று பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். நீங்கள் திருத்தம் எழுதியது படுத்த நிலையில் என்றால், படுத்த நிலையிலேயே அளங்கள்.

கிண்ணியா வானொலி

சமநிலை என்றால் பூச்சியமும் நகர வேண்டும் என்பதுதான் என் அனுபவம். மீற்றரை இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் சரித்து, 8.2இல் நிற்கும்போது எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள் தம்பி. அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

சாம்பல்தீவுக் கரை

குறி படுத்த நிலைக்குத்தான் இருக்கிறது. சரித்துப் பார்த்து நாளைக்கு எழுதுகிறேன். இன்று அண்ணா கடலுக்குப் போவதால் பற்றரி படகில்.